அப்பாவின் கதவருகே ஒரு வட்ட ஸ்டிக்கர்

அப்பா காலையில் நடந்துவிட்டு வீடு திரும்பியதும், வெளியூரில் இருக்கும் என் தங்கைக்கு "வந்துட்டேன்" என்று ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். கண்ணாடியைத் தேடி எடுத்துத் தட்டச்சு செய்ய அவருக்குப் பொறுமை கிடையாது. அதனால் வாசலில் ஓர் என்எஃப்சி டேக் ஒட்டினேன். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய, காகிதம் போன்ற ஸ்டிக்கர்.

அதில் பேட்டரி இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சுருள் சுருளாக ஓர் உலோகக் கோடும், அதன் முனையில் மிளகில் பாதிகூட இல்லாத ஒரு சில்லும் தெரியும். போனின் பின்புறத்திலும் இதேபோல ஒரு சுருள் உண்டு. அது வினாடிக்கு 1.356 கோடி முறை அலைவுறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. டேக் அருகில் வந்ததும் அந்தப் புலமே அதன் சுருளில் மின்சாரத்தைத் தூண்டிச் சில்லை எழுப்பிவிடும். சில்லு தனியாக எதையும் ஒலிபரப்புவதில்லை. தான் உறிஞ்சும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தைப் போன் எழுத்தாகப் படித்துக்கொள்கிறது. இதெல்லாம் நடப்பது இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரத்துக்குள்தான்.

ஆக, சேதி அனுப்புவது டேக் அல்ல. அது ஒரு துண்டுச் சீட்டு, அவ்வளவுதான். படிப்பதும் செய்வதும் போன். இது எனக்கு மூன்று தப்புகளுக்குப் பிறகுதான் உறைத்தது.

முதல் தப்பு, இரும்பு கிரில் கதவில் ஒட்டியது. எப்படி வைத்தாலும் போன் அசையவில்லை. மாறும் காந்தப்புலம் இரும்புத் தகட்டில் சுழல் மின்னோட்டங்களைக் கிளப்பும். அவை எதிர்ப்புலம் உண்டாக்கி, சில்லுக்குப் போக வேண்டிய சக்தியைத் தின்றுவிடும். அடியில் ஃபெரைட் படலம் வைத்த, உலோகத்துக்கென்றே செய்த டேக்குகள் தனியாகக் கிடைக்கின்றன. நான் புதிதாக ஒன்றை எடுத்து மர நிலையில் ஒட்டினேன். உடனே படித்தது.

இரண்டாவது, சேதியின் நீளம். நான் வாங்கியது என்டேக் 213 வகை. நாம் எழுத அதில் 144 பைட் இடம்தான். எஸ்எம்எஸ்ஸுக்கான முகவரியை இந்த வடிவில் எழுத வேண்டும்:

```
sms:+91XXXXXXXXXX?body=%E0%AE%B5...
```

அந்த `%E0%AE%B5` என்பது "வ" மட்டும். தமிழின் ஒவ்வொரு குறியும் இங்கே 9 பைட் பிடிக்கிறது. "வந்துட்டேன்" கண்ணுக்கு ஆறு எழுத்து. புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் கணினிக்கு 11 குறி, அதாவது 99 பைட். முன்னால் வரும் எண்ணும் மற்றதும் 23, உறைபோலச் சுற்றியிருக்கும் தகவல் 8, மொத்தம் 130. தப்பித்தது. முதலில் நான் எழுத நினைத்த "வீட்டுக்கு வந்துட்டேன்" 223 பைட் ஆகி, இடமில்லை என்று திரும்பி வந்துவிட்டது. 504 பைட் உள்ள என்டேக் 215 வாங்கியிருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம்.

மூன்றாவதுதான் பெரிய தப்பு. அடுத்த நாள் அப்பா போனை வைத்தார், "டிங்" என்றது, உள்ளே போய்விட்டார். தங்கைக்கு ஒன்றும் வரவில்லை; பதறிப்போய் என்னை அழைத்தாள். அப்பாவின் ஆண்ட்ராய்டு போனை வாங்கிப் பார்த்தால், சேதி எழுதப்பட்டு, எண்ணும் நிரப்பப்பட்டு, அனுப்பும் பொத்தானுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. இது கோளாறு அல்ல, வேண்டுமென்றே வைத்த தடை. ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத் தொட்டதுமே போன் தானாகச் சேதி அனுப்பும் என்றால், பேருந்து நிலையத்தில் யாரோ ஒட்டிவைத்த டேக் நம் காசில் யாருக்கு வேண்டுமானாலும் எஸ்எம்எஸ் அனுப்பலாமே!

வழி, சேதியை டேக்கிலிருந்து எடுத்துப் போனுக்குள் வைப்பது. எஸ்எம்எஸ் அனுப்பும் அனுமதியோடு ஒரு தானியங்கிச் செயலியை அப்பாவின் போனில் நிறுவினேன். டேக்கில் பழையதை அழித்து, அந்தச் செயலியை எழுப்பும் சிறு குறிப்பை மட்டும் எழுதினேன். அனுமதி கொடுத்தது போனின் சொந்தக்காரர். ஆகவே பொத்தான் தேவையில்லை. சேதி எவ்வளவு நீளமானாலும் டேக்குக்குக் கவலையும் இல்லை. திரை எரிந்து, பூட்டு திறந்திருக்க வேண்டும் என்பது மட்டும் அப்பாவுக்கு இன்னும் சில நாள் மறந்துபோகிறது.

இரண்டு வாரம் ஓடிய பிறகே டேக்கைப் பூட்டினேன். தெருவில் போகிறவர் இனி அதை மாற்றி எழுத முடியாது. என்னாலும் முடியாது, பூட்டினால் பூட்டியதுதான்.

பொங்கலுக்குத் தங்கை வந்திருந்தாள். அவளிடம் ஐபோன். அதில் Shortcuts செயலியின் Automation பகுதியில் NFC-யைத் தேர்ந்து, அதே டேக்கைக் காட்டி, Run Immediately கொடுத்தாள். ஐபோன் இதற்குப் பார்ப்பது டேக்கில் நாம் எழுதியதை அல்ல, ஆலையிலேயே அதற்குப் பொறித்த அடையாள எண்ணை. பூட்டியிருந்தாலும் அந்த எண் படிக்கும். இப்போது அப்பா வைத்தால் சேதி போகிறது. அவள் வந்து வைத்தால் அவள் போனில் பாட்டு ஓடுகிறது.