டிடெக்டர் ‘ஏஐ’ என்றால் எழுத்தாளர் என்ன செய்வது?

கோவையில் வீட்டிலிருந்தபடியே, அமெரிக்கச் சிறு நிறுவனம் ஒன்றின் வலைத்தளத்துக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதித் தரும் ஃப்ரீலான்ஸர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். அப்வொர்க் தளத்தில் ஒப்பந்தம். வீட்டு மாடியில் சோலார் இன்வெர்ட்டர் பராமரிப்பது பற்றி 1,500 சொற்கள், கூலி 120 டாலர். நான்கு நாள் உழைத்துக் கட்டுரையை ஒப்படைக்கிறார். மறுநாள் கிளையண்டிடமிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வருகிறது. சிவப்புக் கட்டத்துக்குள் ‘78% AI’. அதன் கீழே ஒரே வரி: இதற்குப் பணம் தர முடியாது.

இது கற்பனைக் கணக்குதான். ஆனால் இதே நிலைமையில் வேலை இழந்த எழுத்தாளர்கள் பலரின் அனுபவங்களை அமெரிக்காவின் கிஸ்மோடோ இதழ் 2024 ஜூனில் வெளியிட்டது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நம் ஊர் எழுத்தாளர்களுக்கு இதில் ஆபத்து இன்னும் அதிகம். காரணத்தைப் பிறகு பார்ப்போம்.

ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்ததும் பதற்றத்தில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் வேறு டிடெக்டர்களில் கட்டுரையைப் போட்டு, பச்சை நிறம் காட்டும் முடிவைத் திருப்பி அனுப்புவது முதல் வகை. கருவிகள் ஒன்றுக்கொன்று முரண்படுவது கிளையண்டுக்குப் பெரிதாகத் தெரியாது. அவர் காசு கட்டி வாங்கிய கருவியைத்தான் நம்புவார். போதாக்குறைக்கு, கிளையண்டின் கட்டுரையைத் தெரியாத தளங்களில் ஒட்டியதே ஒப்பந்தத்தின் ரகசியக் காப்பு விதியை மீறியதாகவும் ஆகலாம். இரண்டாம் வகை, ‘ஹ்யூமனைஸர்’ எனப்படும் கருவியில் கட்டுரையை ஓடவிட்டு எண்ணைக் குறைப்பது. இதைவிடப் பெரிய தவறு வேறில்லை. அதுவரை முழுக்கத் தன் கையால் எழுதிய கட்டுரை, அந்த நிமிடத்திலிருந்து உண்மையாகவே இயந்திரம் தொட்ட கட்டுரை ஆகிவிடுகிறது. ‘நான் எழுதியது’ என்று சொல்லும் உரிமையை எழுத்தாளர் தானே கைவிடுகிறார்.

செய்ய வேண்டியதைப் புரிந்துகொள்ள, முதலில் அந்த 78 என்பது என்னவென்று தெரிய வேண்டும்.

டிடெக்டர் கட்டுரையை யார் எழுதினார் என்று பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. ஒரு சொல்லுக்குப் பின் அடுத்த சொல் எவ்வளவு எளிதில் ஊகிக்கக்கூடியதாக இருக்கிறது, வாக்கியங்களின் நீளம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பவை போன்ற அடையாளங்களைக் கொண்டு ஒரு ஊகம் சொல்கிறது. எளிய சொற்கள், சீரான வாக்கியங்கள், எதிர்பார்த்த சொற்சேர்க்கைகள் எல்லாம் இயந்திரத்தின் சாயலாக அதற்குப் படுகின்றன. அந்த எண்ணின் பொருளும் கருவிக்குக் கருவி மாறும். ஒரிஜினாலிட்டி.ஏஐ போன்றவற்றில் 78 என்பது, இது இயந்திரம் எழுதியதாக இருக்கலாம் என்பதில் கருவிக்கு இருக்கும் நம்பிக்கையின் அளவு. கட்டுரையில் 78 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று அதற்குப் பொருளில்லை. பெரும்பாலான கிளையண்டுகள் இரண்டாவது பொருளில்தான் படிக்கிறார்கள். பல சச்சரவுகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஊகம் எவ்வளவு தவறலாம்? சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரி இறுதியில் ஒரு டிடெக்டரை வெளியிட்டது. தன் சோதனையில் அது ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைப் பிடித்தது என்றும், மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை ஏஐ என்று தவறாகச் சொன்னது என்றும் அந்நிறுவனமே அறிவித்தது. ஒன்பது சதவீதம் சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆயிரம் கட்டுரைகளில் 900 மனிதர் எழுதியவை, 100 ஏஐ எழுதியவை என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கருவி பிடிக்கும் ஏஐ கட்டுரைகள் 26. தவறாக மாட்டும் மனிதக் கட்டுரைகள் 81. ஆக, குற்றம் சாட்டப்படும் 107 கட்டுரைகளில் முக்கால்வாசி மனிதர் எழுதியவை. துல்லியம் குறைவு என்று சொல்லி அதே ஆண்டு ஜூலையில் ஓபன்ஏஐ அந்தக் கருவியைத் திரும்பப் பெற்றது. பின்னால் வந்த கருவிகள் மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும், பெரும்பாலோர் நேர்மையாக எழுதும் இடத்தில் சிறு பிழை விகிதம்கூடப் பல நிரபராதிகளை மாட்டிவிடும் என்ற கணக்கு அப்படியே நிற்கிறது.

நம்மவர்களுக்கு ஆபத்து ஏன் அதிகம் என்பதற்கு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023ல் வெளியிட்ட ஆய்வு விடை தருகிறது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு டிடெக்டர்களில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை அவை ஏஐ என்றன. 91ல் 89 கட்டுரைகளை ஏதாவது ஒரு கருவியாவது சந்தேகித்தது. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளிலோ அந்தக் கருவிகள் பெரும்பாலும் சரியாகவே சொல்லின. கற்றுக்கொண்ட மொழியில் பிழையில்லாமல், பழகிய சொற்களில், கவனமாக எழுதுவதே சந்தேகத்துக்குக் காரணமாகிவிடுகிறது. எழுதி முடித்த பின் கிராமர்லி போன்ற திருத்தும் கருவி சொல்லும் மாற்றங்களையெல்லாம் ஏற்றுக்கொண்டால் நடை இன்னும் சீராகி, எண் ஏறவும் கூடும்.

இனி கோவை எழுத்தாளரின் பதிலுக்கு வருவோம்.

பதில் அன்றே போக வேண்டும். தளத்தின் மெசேஜ் பெட்டியிலேயே போக வேண்டும். வாட்ஸ்அப்பிலோ தனி மின்னஞ்சலிலோ பேசினால், பின்னர் தகராறு வரும்போது தளத்தின் பார்வைக்கு எதுவும் இருக்காது. பதிலில் கோபம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். கட்டுரையை முழுவதும் தானே எழுதியதாக ஒரு வரியில் சொல்லிவிட்டு, எந்தக் கருவி, முழுக் கட்டுரையையும் போட்டீர்களா ஒரு பகுதியையா, உங்கள் எடிட்டர் திருத்திய பிறகு போட்டீர்களா, முழு அறிக்கையை அனுப்ப முடியுமா என்று கேட்க வேண்டும். கடைசியில், எழுதிய வரலாற்றைக் காட்டத் தயார் என்று சொல்ல வேண்டும். விவாதத்தை எண்ணிலிருந்து கட்டுரை உருவான விதத்துக்கு நகர்த்துவது இந்த ஒரு வரிதான். கருவியால் தர முடியாத சான்று எழுத்தாளரிடம் இருக்கிறது.

அந்தச் சான்று கூகுள் டாக்ஸில் `File > Version history > See version history` என்ற இடத்தில் இருக்கிறது. திறந்தால் வலப்பக்கம் தேதி, நேர வாரியாகப் பழைய பதிப்புகள் வரிசையாகத் தெரியும். திங்கள் மாலை ஆறு துணைத்தலைப்புகள் மட்டும். செவ்வாய் காலை இன்வெர்ட்டர் விசிறியில் தூசி அடைப்பது பற்றி இரண்டு பத்தி. மதியம் அதில் ஒன்று நீக்கப்பட்டது. புதன்கிழமை முடிவுரை மேலே போய் முன்னுரையானது. இப்படித் தடுமாறி, அழித்து, இடம் மாற்றி வளர்ந்த வரலாறுதான் ஒரு மனிதர் யோசித்ததைக் காட்டும். முழுக் கட்டுரையும் ஒரே நேரத்தில் வந்து விழுந்ததாக வரலாறு காட்டினால் அது எழுத்தாளருக்கு எதிராகவே பேசும்.

அதனால் வேர்டிலோ நோட்பேடிலோ எழுதிக் கடைசியில் டாக்ஸில் ஒட்டும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. குறிப்பு எடுப்பதிலிருந்து ஒரே கோப்பில் எழுத வேண்டும். கோப்பைப் பிரதி எடுத்தால் புதிய பிரதியில் பழைய வரலாறு இருக்காது. மூலக் கோப்பைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நாளாக ஆக கூகுள் சில பதிப்புகளை ஒன்றாகச் சேர்த்துவிடக்கூடும் என்பதால், முக்கியமான கட்டங்களில் பதிப்புக்கு ஒரு பெயர் கொடுத்து வைக்கலாம். இன்னொன்று: பார்க்க மட்டும் அனுமதி பெற்றவருக்கு வரலாறு தெரியாது, திருத்தும் அனுமதி வேண்டும். அதைக் கொடுக்கத் தயக்கமாக இருந்தால், பதிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டும் இரண்டு நிமிடத் திரைப் பதிவை அனுப்பினால் போதும். கூடவே படித்த கையேடுகளின் இணைப்புகள், எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் பேசி எடுத்த குறிப்பு ஆகியவற்றையும் சேர்க்கலாம். பத்து நிமிடம் வீடியோவில் பேசலாம் என்று அழைப்பது இன்னும் வலுவானது. தானே எழுதியவர், ஏன் இந்த உதாரணத்தை எடுத்தேன், எதை விட்டேன் என்று எந்தப் பத்தியைப் பற்றியும் சொல்வார்.

இந்தச் சான்றுக்கும் எல்லை உண்டு. இயந்திரம் தந்ததைப் பார்த்துத் தட்டச்சு செய்பவரும் ஒரு வரலாற்றை உருவாக்கலாம். ஆகவே இது ஐயத்துக்கே இடமில்லாத சாட்சியம் இல்லை. வெறும் எண்ணைவிட மிக வலுவான சாட்சியம், அவ்வளவுதான். தலைப்பு யோசிக்கவோ வரைவுச் சட்டகம் போடவோ ஏஐ உதவியை எடுத்திருந்தால், அதை அந்த முதல் பதிலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் தெரியவந்தால் மற்ற எல்லாச் சான்றும் மதிப்பிழக்கும்.

பணத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். அப்வொர்க்கின் நிலையான கூலி ஒப்பந்தத்தில், கிளையண்ட் முன்கூட்டியே செலுத்திய தொகை தளத்தின் பாதுகாப்பில் இருக்கும். வேலையை முறைப்படி சமர்ப்பித்த பின் கிளையண்ட் 14 நாட்கள் எதுவும் செய்யாவிட்டால் அது தானாக எழுத்தாளருக்கு வந்துவிடும். கோப்பை மெசேஜில் இணைத்து அனுப்பினால் மட்டும் இந்தக் காலக்கெடு தொடங்காது. பணத்துக்காகச் சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். ஃபைவரில் கிளையண்ட் பேசாமல் இருந்தால் மூன்று நாளில் ஆர்டர் முடிந்ததாகிவிடும். மோசமான ரேட்டிங்குக்குப் பயந்து உடனே பணத்தைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. சான்றைக் காட்டும் முன் அப்படிச் செய்வது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே படிக்கப்படும். சமரசம் முடியாதபோது தளத்தின் தகராறு தீர்க்கும் வழிக்குப் போகலாம். அங்கேயும் கைகொடுப்பது மெசேஜ் பெட்டியும் பதிப்பு வரலாறும்தான்.

கிளையண்ட் மாற்றம் கேட்டால்? எந்தத் தகவல் தவறு, எந்தப் பத்தி மேம்போக்காக இருக்கிறது என்று சுட்டினால் தாராளமாகத் திருத்தித் தரலாம். ‘எண் பத்துக்குக் கீழே வரும்வரை மாற்று’ என்பதை ஏற்கக் கூடாது. அதற்காக வாக்கியங்களை வேண்டுமென்றே கோணலாக்கினால் கட்டுரை கெடும். எண் இறங்குமா என்பதற்கும் உத்தரவாதமில்லை.

கிளையண்டின் பயத்தையும் மதிக்க வேண்டும். ஏஐ கட்டுரையைப் போட்டால் கூகுள் தன் தளத்தைத் தேடலில் கீழே தள்ளிவிடும் என்று அவர் அஞ்சுகிறார். கூகுள் 2023 பிப்ரவரியிலேயே, எப்படி எழுதப்பட்டது என்பதைவிடத் தரத்தையே பார்ப்பதாக எழுதியிருக்கிறது. இதைப் பணிவாக எடுத்துச் சொல்லலாம். கூடவே இன்னொரு தகவலையும் சொல்லலாம். தன் டிடெக்டர் 98 சதவீதம் துல்லியமானது என்று விளம்பரம் செய்த வொர்க்காடோ நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025ல் நடவடிக்கை எடுத்தது. பொதுவான எழுத்துகளில் அதன் துல்லியம் 53 சதவீதம்தான் என்று ஆணையம் சொன்னது.

இவ்வளவும் சண்டை வந்த பின் செய்வது. அடுத்த வேலைக்கு முன், ஒப்பந்தம் பேசும்போதே மூன்று விஷயங்களை மெசேஜில் எழுதி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்: எந்த ஏஐ உதவிக்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை; டிடெக்டர் பயன்படுத்துவதானால் எந்தக் கருவி; அது சந்தேகித்தால் பணத்தை நிறுத்தும் முன் பதிப்பு வரலாற்றைப் பார்க்க வேண்டும். இதற்குக்கூட ஒப்பாத கிளையண்டின் வேலையை எடுக்காமல் விடுவதே நல்லது.