பிஞ்சு முகத்தில் சிவப்புத் திட்டு: கண் டாக்டர் எதற்கு?

குழந்தையைப் பார்க்க வரும் உறவினர்கள் முதலில் யார் ஜாடை என்று கேட்பார்கள். முகத்தில் ஒரு சிவப்புத் திட்டு இருந்துவிட்டால் அடுத்த கேள்வி தாயை நோக்கிப் பாயும்: "கிரகணத்தன்னிக்கு வெளியே போனியா?" அவள் போயிருந்தாலும் போகாவிட்டாலும் திட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. திட்டு முகத்தில் எந்த இடத்தில் இருக்கிறது?

பச்சைக் குழந்தைகளின் முகத்தில் நாம் அதிகம் பார்ப்பது, தானாக மறையும் இளஞ்சிவப்புத் திட்டுதான். மருத்துவர்கள் 'சால்மன் பேட்ச்' என்பார்கள். பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உடம்பில் எங்காவது இது இருக்கும். பெரும்பாலும் முகத்தின் நடுக்கோட்டை ஒட்டியே வரும்: புருவங்களுக்கு நடுவே, நெற்றி நடுவில், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையில். இமைகளில் வந்தால் வழக்கமாக இரண்டிலுமே இருக்கும். ஓரங்கள் கலைந்தாற்போல் தோலோடு கரைந்து போகும். இமையில் இருப்பது சில மாதங்களில் மங்கும், நெற்றியில் இருப்பது ஓரிரு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் குழந்தையின் தலையை மெல்லத் திருப்பிப் பின்கழுத்தைப் பாருங்கள். முடி தொடங்கும் இடத்தில் அதே நிறத்தில் இன்னொரு திட்டு இருந்தால், முகத்தில் இருப்பதும் இந்த வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

போர்ட் ஒயின் மச்சம் அபூர்வம். ஆயிரம் குழந்தைகளில் சுமார் 3 பேருக்குத்தான் வரும். அது முகத்தின் ஒரு பக்கமாக இருக்கும். கோடு போட்டாற்போல் நடுக்கோட்டிலேயே நின்றுவிடுவதும் உண்டு. பிறந்த நாளிலிருந்தே இருக்கும், குழந்தை வளரும் விகிதத்திலேயே வளரும், மறையாது. வயதாக ஆக இளஞ்சிவப்பு கருஞ்சிவப்பாகி, ஊதா கலந்து, சிலருக்குத் தடிக்கவும் செய்யும். (பிறந்து சில வாரம் கழித்துத் தோன்றி, மேடாக வேகமாகப் பெருக்கும் சிவப்புக் கட்டி இவை இரண்டிலும் சேராத மூன்றாவது வகை. அதற்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.)

விரலால் அழுத்திப் பார்த்து, "வெளுக்குது, அப்ப ஒண்ணுமில்லை" என்று சிலர் சொல்வார்கள். பச்சைக் குழந்தைக்கு இரண்டு வகையுமே அழுத்தினால் வெளுக்கும், அழுதால் சிவக்கும். மாநிறத் தோலில் இன்னொரு சிக்கல்: திட்டு சிவப்பாகத் தெரியாமல் மங்கலான கருமையாகவே தெரியலாம். ஜன்னல் ஓரத்தில், பகல் வெளிச்சத்தில், குழந்தை தூங்கும்போது பாருங்கள். மாதம் ஒரு போட்டோ அதே இடத்தில் எடுத்து வைத்தால் மங்குகிறதா இல்லையா என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் ஒரு பக்க நெற்றியிலோ இமையிலோ திட்டு இருந்தால், மங்குமா என்று காத்திருக்கக் கூடாது.

ஏன் என்பதற்கு விடை கருவின் தொடக்க வாரங்களில் இருக்கிறது. ஒரே ஒரு செல்லில், GNAQ என்ற மரபணுவில் ஒரு சிறு மாற்றம் தற்செயலாக நேர்கிறது. 2013-ல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். பெற்றோரிடமிருந்து வந்ததல்ல, அடுத்த குழந்தைக்குப் போவதும் அல்ல. அந்தச் செல்லிலிருந்து பெருகியவை எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தனவோ அங்கெல்லாம் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறி விரிந்திருக்கும். நெற்றித் தோல், மேலிமை, கண்ணின் உட்படலங்கள், மூளையை மூடியிருக்கும் உறை எல்லாம் கருவில் அக்கம்பக்கத்தில் உருவாகிறவை. அதனால் நெற்றியில் தெரியும் மச்சம், கண்ணிலும் மூளை உறையிலும் அதே கோளாறு இருக்கக்கூடும் என்பதற்கு அறிகுறி. மூன்றும் சேர்ந்திருந்தால் ஸ்டர்ஜ்-வெபர் நோய்க்குறி. 1879-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஸ்டர்ஜ் விவரித்த சிறுமிக்கு முகத்தில் மச்சம், அதே பக்கக் கண் பெரிதாகியிருந்தது, எதிர்ப்பக்க உடம்பில் வலிப்பு. கன்னத்திலோ தாடையிலோ மட்டும் மச்சம் உள்ள குழந்தைகளுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

கண்ணில் பயப்பட வேண்டியது க்ளாக்கோமா. கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் வழி பிறவியிலேயே சரியாக அமையாமலோ, வெளியே உள்ள சிரைகளில் அழுத்தம் கூடியதாலோ நீர் தேங்குகிறது. அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக அழிகிறது. அழிந்த நரம்பு திரும்ப வராது. இரண்டு மூன்று வயது வரை கண்விழியின் சுவர் இளகியிருப்பதால், அழுத்தம் ஏறும்போது கண்ணே உப்பிப் பெரிதாகும். இதைப் பார்த்து "என்ன அழகா முழிக்கிறா, கண்ணு எவ்வளவு பெரிசு!" என்று திருஷ்டிப் பொட்டு வைத்துவிடுகிறோம்.

ஒரு குழந்தையைக் கற்பனை செய்துகொள்வோம். இடது நெற்றியிலும் மேலிமையிலும் மச்சம். முதல் மாதத்தில் கண் டாக்டர் பார்க்கிறார். பசியோடு வந்த குழந்தையை அங்கேயே பால் குடிக்க வைத்து, அது அமைதியாக இருக்கும்போது கைக்கடக்கமான கருவியால் அழுத்தம் அளக்கிறார். அழும் குழந்தையிடம் அளந்தால் அளவு பொய்யாக உயரும். இரண்டு கண்ணிலும் கருவிழியின் அகலம் 10 மில்லிமீட்டர், அழுத்தமும் சரி. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஐந்தாம் மாதம் இடது கண்ணில் நீர் வடிகிறது. கண்ணீர்க் குழாய் அடைப்பு, மசாஜ் செய்தால் போதும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். ஆனால் கண்ணில் பீளை இல்லை, வெயிலில் கொண்டுபோனால் குழந்தை அந்தக் கண்ணை இறுக மூடிக்கொள்கிறது. மறுபடி அளக்கிறார்கள். வலது கருவிழி 11 மில்லிமீட்டர், இடது 12.5. அழுத்தம் வலதில் 15, இடதில் 30. ஒரு வயதுக்குள் 12-ஐத் தாண்டினாலோ, இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் தெரிந்தாலோ சந்தேகப்பட வேண்டும். கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்து மட்டும் பெரும்பாலும் போதாது, நீர் வெளியேறும் வழியைத் திறக்க அறுவை சிகிச்சை தேவைப்படும். (தாத்தாவின் க்ளாக்கோமா சொட்டு மருந்தை அவசரத்துக்கு விட்டுவிடாதீர்கள். பிரிமோனிடின் போன்றவை கைக்குழந்தையின் மூச்சையே அடக்கிவிடும்.)

முதல் பரிசோதனை சரியாக இருந்ததால் இந்தக் குடும்பம் இரண்டாவது முறை போகாமல் இருந்திருந்தால் கண் போயிருக்கும். அதனால்தான் முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு இடைவெளியைக் கூட்டி, பின்னர் வருடம் ஒருமுறை என்று அழைக்கிறார்கள். பள்ளி வயதிலோ இளமையிலோ அழுத்தம் ஏறினால் கண் உப்பாது, நீரும் வடியாது, வலியும் இருக்காது. அளந்தால் மட்டுமே தெரியும்.

வலிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. மச்சத்துக்கு எதிர்ப்பக்கத்துக் கையோ காலோ மட்டும் விட்டுவிட்டுத் துடித்தால், முடிந்தால் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதல் வயதுக்குள்தான் இது பெரும்பாலும் தொடங்கும்.

தோல் நிறத்துக்கு 'பல்ஸ்டு டை லேசர்' இருக்கிறது. பல முறை செய்ய வேண்டும், கைக்குழந்தைப் பருவத்தில் தொடங்கினால் பலன் கூடுதல், ஆனாலும் பலருக்கு முழுதாகப் போவதில்லை. லேசரின் ஒளி தோலோடு நின்றுவிடுகிறது, கண்ணுக்குள் இருக்கும் குழாய்களை அது தொடுவதில்லை. முகம் எவ்வளவு தெளிந்தாலும் கண் டாக்டர் கொடுத்த அடுத்த தேதி அப்படியேதான் இருக்கும்.