விளம்பரத்தில் 700, கையிலிருந்து போவது 880

வேலைக்காக ஜெர்மனிக்குப் போய் வீடு தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது இப்படிப்பட்ட ஒரு வரிதான்:

`2 ZKB, 58 m², 1. OG, EBK, KM 700 €, NK 180 €, Kaution 3 KM`

`ZKB` என்றால் அறைகள், சமையலறை, குளியலறை. அறைக் கணக்கில் ஹாலும் சேர்த்தி. அதனால் இது ஒரு ஹாலும் ஒரு படுக்கையறையும் உள்ள வீடு. `1. OG` என்பது முதல் மாடி.

`KM` என்பது ‘கால்ட்மீட்டே’. வெறும் இடத்துக்கான வாடகை அது. ஹீட்டர் செலவுகூட அதில் வராது. `NK`-யில் தண்ணீர், குப்பை, மாடிப்படி சுத்தம் போன்றவை வரும். ஹீட்டர் செலவு பெரும்பாலும் இதிலேயே இருக்கும், சில விளம்பரங்களில் `HK` என்று தனியாகப் போட்டிருப்பார்கள். நம் விளம்பரத்தில் அதுவும் சேர்ந்திருந்தால் மாதம் 880 யூரோ. வீட்டுக்குள் எரியும் கரண்டுக்கும் இன்டர்நெட்டுக்கும் பொதுவாக நாமே தனியாகக் கட்ட வேண்டும்.

இந்த `NK`-யை நம்மூர் அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் என்று நினைத்துவிட வேண்டாம். கட்டடத்தைப் பழுது பார்க்கும் செலவு வீட்டுக்காரருடையது, அதை இதில் சேர்க்கக் கூடாது. மாதாமாதம் நாம் கட்டும் 180 பெரும்பாலும் முன்பணம்தான். வருடத்துக்கு ஒருமுறை உண்மையான செலவைக் கணக்குப் பார்த்து, மிச்சமிருந்தால் திருப்பித் தருவார்கள், குறைந்தால் கேட்பார்கள். விளம்பரம் மலிவாகத் தெரியட்டும் என்று `NK`-யைக் குறைத்துப் போடுகிறவர்களும் உண்டு. போன வருடக் கணக்கைக் காட்டச் சொன்னால் அது தெரிந்துவிடும். கணக்குக் காலம் முடிந்து 12 மாதத்துக்குள் இந்தக் கணக்கு நம் கைக்கு வர வேண்டும். வீட்டுக்காரர் தன் தவறால் அதைத் தாண்டிவிட்டால் பாக்கி கேட்க முடியாது.

நான் முதலில் தேடச் சொல்வது `EBK` என்ற மூன்று எழுத்தைத்தான். அது இருந்தால் சமையலறை பொருத்தப்பட்டிருக்கிறது. இல்லாவிட்டால் பல வீடுகளில் சமையலறை மொட்டைச் சுவர்தான். அடுப்பு, அலமாரி மட்டுமல்ல, பாத்திரம் கழுவும் சிங்க்கூட இருக்காது. காலி செய்கிறவர் கழற்றிக்கொண்டு போய்விடுவார், அல்லது ‘ஆப்லோசெ’ என்று ஒரு தொகை கேட்டு நம் தலையில் கட்டுவார். கட்டில், மேசையோடு வேண்டுமென்றால் `möbliert` என்று தேட வேண்டும். வாடகையும் அதற்கேற்ப ஏறும்.

கடைசியாக `Kaution`, அதாவது டெபாசிட். கால்ட்மீட்டேயின் மூன்று மடங்குதான் சட்டப்படி உச்சவரம்பு. இங்கே 2,100 யூரோ. 880-ஐ மூன்றால் பெருக்கிக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. பணமாகக் கட்டுவதை மூன்று மாதத் தவணையாகப் பிரிக்கவும் நமக்கு உரிமை உண்டு. முதல் 700 கட்ட வேண்டியது குடியிருப்பு தொடங்கும்போதுதான். ஆகவே, “நான் வெளிநாட்டில் இருக்கிறேன், டெபாசிட்டை அனுப்புங்கள், சாவியைக் கூரியரில் போடுகிறேன்” என்று எழுதுகிறவரிடம் வீடே இருக்காது.