மாவு மில் மோட்டாரும் 67 மைக்ரோஃபேரட்டும்

சிறிய மாவு மில் ஒன்றில் சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடுகிறது. மின்னழுத்தம் 230 வோல்ட். ஒயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டினால் 10 ஆம்பியர் காட்டுகிறது. இரண்டையும் பெருக்கினால் 2300. ஆனால் வாட் மீட்டரோ 1610 வாட் என்கிறது. இரண்டு அளவும் சரிதான்.

மாவு அரைக்கவும் வெப்பமாகவும் செலவாகும் 1610 வாட்தான் உண்மைத் திறன். ஒயரும் டிரான்ஸ்பார்மரும் சுமக்க வேண்டிய 2300 வோல்ட்-ஆம்பியர் தோற்றத் திறன். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வரும் 0.70தான் பவர் ஃபாக்டர், அதாவது திறன் காரணி.

மோட்டாரின் சுருள்களில் காந்தப்புலம் உருவாக ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் செலவாவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் மோட்டாருக்குள் போய், லைனுக்கே திரும்பி வருகிறது. இந்தப் போக்குவரத்துதான் எதிர்வினைத் திறன். 2300-இலிருந்து 1610-ஐக் கழித்து 690 என்று சொல்லிவிடக் கூடாது. செங்கோண முக்கோணத்தின் கர்ணம் தோற்றத் திறன். மற்ற இரு பக்கங்கள் உண்மைத் திறனும் எதிர்வினைத் திறனும். பிதாகரஸ் தேற்றப்படி எதிர்வினைத் திறன் சுமார் 1643 வார்.

கெப்பாசிட்டரும் இதேபோல் ஆற்றலை வாங்கித் திருப்பித் தரும். ஆனால் மோட்டார் வாங்கும் நேரத்தில் அது கொடுக்கும். மோட்டாருக்கு இணையாக அதை இணைத்தால் இந்தக் கொடுக்கல் வாங்கலில் பெரும்பகுதி அவை இரண்டுக்குள்ளேயே முடிந்துவிடும்.

பவர் ஃபாக்டரை 0.95 ஆக்க வேண்டுமென்றால் லைனிலிருந்து 529 வார் மட்டுமே வரலாம். மீதி 1114 வாரை கெப்பாசிட்டர் தர வேண்டும். அதன் அளவு:

C = Q ÷ (2πfV²) = 1114 ÷ (2π × 50 × 230²)

விடை சுமார் 67 மைக்ரோஃபேரட். இது மோட்டாரோடு வரும் ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் அல்ல. தொடர்ந்து ஏசி மின்சாரத்தில் இருக்கத் தகுந்த, 440 வோல்ட் தரத்திலான கெப்பாசிட்டராக இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் மின்னூட்டம் தங்கும் என்பதால், அதை வடிக்கும் ரெசிஸ்டரும் அவசியம்.

இப்போது லைன் பக்கம் 10 ஆம்பியர் சுமார் 7.4 ஆகக் குறையும். ஒயரில் வீணாகும் வெப்பம் ஏறத்தாழ பாதியாகும். மோட்டார் பக்கம் மட்டும் அதே 10 ஆம்பியர்தான். ஆசைப்பட்டு 150 மைக்ரோஃபேரட் போட்டால் கணக்கு மறுபக்கம் சாய்ந்து, லைன் மின்னோட்டம் மீண்டும் 7.9 ஆக ஏறும்.

இந்தக் கணக்கு சீரான சைன் அலைக்கே பொருந்தும். வேகத்தை மாற்றும் எலக்ட்ரானிக் டிரைவ் உள்ள இடங்களில் அலையே சிதைந்திருக்கும். அங்கே வெறும் கெப்பாசிட்டர் போட்டால் அது சூடேறிக் கெட்டுப்போகலாம்.

தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்புள்ள தொழிற்சாலைகளுக்குப் பவர் ஃபாக்டர் குறைந்தால் கூடுதல் கட்டணம் உண்டு. அங்கே இந்தச் செலவு நிச்சயம் பலன் தரும். வீட்டு மீட்டரோ உண்மைத் திறனை மட்டுமே யூனிட்டாக எண்ணுகிறது. பிளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று விற்கப்படும் பெட்டிகளை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.