துருவைப் பார்த்துப் பிரைமர் வாங்குங்கள்

தீபாவளிக்குப் பளபளவென்று எனாமல் அடித்த இரும்பு கேட்டில், பொங்கலுக்குள் கீழ்ச்சட்டத்தையொட்டிப் பழுப்புக் கோடு இறங்கிவிடுகிறது. வீட்டுக்காரர் பெயின்ட் சரியில்லை என்கிறார்; பெயின்டர் மழையைக் காரணம் காட்டுகிறார். பெரும்பாலும் தப்பு அதற்கு முன்பே நடந்திருக்கும். எவ்வளவு துருவை மிச்சம் வைத்தோம், அந்த மிச்சத்தோடு ஒத்துப்போகிற பிரைமரைத்தான் போட்டோமா என்ற இரண்டு கேள்விகளில் கேட்டின் ஆயுள் அடங்கியிருக்கிறது.

துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் அது உப்பி, அடுக்கடுக்காகப் பெயர்கிறது. அதன் மேல் அடிக்கும் பெயின்ட் துருவை நன்றாகவே பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்தத் துரு இரும்பைப் பிடித்திருக்காது. துருவுக்குள் நுண்ணிய ஓட்டைகளும் நிறைய உண்டு, அவற்றில் ஈரம் தங்கும். எந்தப் பெயின்ட் படலமும் நீராவியையும் ஆக்சிஜனையும் முழுக்கத் தடுத்துவிடாது என்பதால், மூடி மறைத்த துரு உள்ளேயே வளர்ந்து, மேற்பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடுகிறது.

சென்னை பெசன்ட் நகர் போலக் கடற்கரையை ஒட்டிய தெருவில் உள்ள ஒரு கேட்டை எடுத்துக்கொள்வோம். 10 அடி அகலம், 5 அடி உயரம், இரட்டைக் கதவு. மேல்பாதியில் கம்பிகள், கீழ்ப்பாதியில் தகடு, சுற்றிலும் ஆங்கிள் சட்டம். கம்பிகளில் மெல்லிய துரு, தகட்டின் நடுவில் கெட்டியான பழைய எனாமல், கீழ்ச்சட்டத்திலும் வெல்டிங் மூலைகளிலும் செதில் செதிலான துரு. ஒரே கேட்டில் மூன்று விதமான பரப்பு.

முதலில் கீழ்ச்சட்டம். சுத்தியலால் தட்டி, சுரண்டியால் செதில்களை எடுத்துவிட்டுத்தான் கம்பி பிரஷைத் தொட வேண்டும். நேரடியாக கிரைண்டரில் கப் பிரஷ் மாட்டி ஓட்டினால், துரு வெளியேறாமல் அழுந்தி, கருப்பாக மின்னத் தொடங்கும். பார்வைக்குச் சுத்தமான இரும்பு மாதிரியே இருக்கும். ஆனால் வழுவழுப்பான அந்தப் பரப்பில் பிரைமர் பிடிக்காது. கப் பிரஷ் ஓட்டிய இடத்தை 80 நம்பர் எமரி ஷீட்டால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால், உண்மையான இரும்பு சாம்பல் வெள்ளையாகத் தெரியும்.

எதுவரை சுரண்டுவது? கூரில்லாத பட்டிக் கத்தியை வைத்து நெம்பிப் பாருங்கள். பெயர்ந்து வருவது துருவோ பழைய பெயின்டோ, போக வேண்டியதுதான். பெயராமல் இறுகியிருக்கும் பழைய எனாமலை விட்டுவிடலாம். அதன் ஓரத்தை மட்டும் படி தெரியாமல் சரிவாகத் தேய்த்து, மேற்பரப்பின் பளபளப்பையும் எமரியால் மங்கச் செய்ய வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் அடித்த பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற இந்திய விதி 2016இல்தான் வந்தது. ஆகவே அதை நனைத்துத் தேய்ப்பதும், முகக்கவசம் போடுவதும், குழந்தைகளைத் தள்ளி வைப்பதும் அவசியம்.

கடலோர கேட்டுக்கு இன்னொரு வேலை உண்டு. உப்பு துருக்குழிகளின் அடியில் தங்கிவிடும்; கம்பி பிரஷுக்கு எட்டாது. சுரண்டி முடித்ததும் நல்ல தண்ணீரால் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து, வெயிலில் காயவிட்டு, மேலாக மறுபடி எமரி போட வேண்டும். சில மணி நேரத்தில் குழிகளில் மட்டும் ஈரமான கரும்பழுப்புப் புள்ளி எழுந்தால் உப்பு இன்னும் போகவில்லை என்று பொருள். இன்னொரு முறை கழுவத்தான் வேண்டும். நன்றாக உலர்ந்த பிறகு, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும்.

இப்போது பிரைமர். சாதாரண ரெட் ஆக்சைடின் செந்நிறம் வெறும் இரும்பு ஆக்சைடு. அது தடுப்பாக நிற்குமே தவிர, துரு பிடிக்கும் வினையை அடக்காது. ஜிங்க் பாஸ்பேட் கலந்த பிரைமர் அந்த வினையையே மட்டுப்படுத்தும். கையால் சுரண்டிய கேட்டில் குழிகளில் இறுகிய துரு கொஞ்சம் எஞ்சவே செய்யும். அதற்கு ஏற்றது ஆல்கிட் வகை ஜிங்க் பாஸ்பேட் பிரைமர். மெதுவாகக் காய்வதால் குழிகளுக்குள் இறங்கிப் பிடிக்கும்.

விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நினைத்து, ஜிங்க் நிறைந்த பிரைமரைச் சிலர் வாங்குகிறார்கள். அதிலுள்ள துத்தநாகத் தூள் இரும்பை நேராகத் தொட்டால்தான் இரும்புக்குப் பதிலாகத் தான் அரிந்து அதைக் காக்கும். மணல் வீச்சில் வெள்ளையாக்கிய இரும்புக்கு அது அருமையானது. நடுவே துரு இருந்தால் பணம் வீண். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் எப்பாக்சி பிரைமரிலும், பியு எனாமலிலும் வேறொரு ஆபத்து: அவற்றின் கடுமையான தின்னர், அடியிலுள்ள பழைய சாதாரண எனாமலைச் சுருக்கித் தூக்கிவிடும். பட்டறைக்கு எடுத்துப்போய்ப் பழைய பூச்சு முழுவதையும் நீக்க முடிந்தால் மட்டும் எப்பாக்சி பிரைமரும் அதன் மேல் பியுவும் அடிக்கலாம். கடற்கரையில் அந்த ஜோடி மற்றதைவிட நன்றாக உழைக்கும். எப்பாக்சியை மட்டும் அடித்து விட்டுவிடக் கூடாது. வெயிலில் வெளுத்துப் பொடியாகும்.

நம் கேட்டில் தகட்டின் பழைய எனாமல் அப்படியே இருக்கிறது. எனவே ஜிங்க் பாஸ்பேட் பிரைமரும் சிந்தெடிக் எனாமலும்தான் சரி. இரு பக்கமும் சேர்த்துப் பரப்பு ஏறக்குறைய 100 சதுர அடி. வெற்று இரும்பு தெரியும் இடங்களுக்கு முதலில் ஒரு கோட், பிறகு கேட் முழுவதற்கும் ஒரு கோட் என்று பிரைமர் ஒன்றரை லிட்டர் ஆகும். எனாமல் இரண்டு கோட்டுக்கு 2 லிட்டர் போதும். ஈரமான பெயின்ட் கூர்முனைகளிலிருந்து விலகி ஓடுவதால் அங்கே படலம் மெலிந்துபோகும். ஆங்கிள் ஓரங்கள், வெல்டிங் மூலைகள், கீழ்விளிம்பு ஆகியவற்றுக்கு ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் சிறு பிரஷால் தனியாக ஒரு முறை தீட்ட வேண்டும்.

காலைப் பனி உலராத இரும்பிலும், உச்சி வெயிலில் கொதிக்கும் இரும்பிலும் அடிக்கக் கூடாது. கோட்டுக்குக் கோட் ஓரிரவு இடைவெளி வேண்டும். பிரைமரோடு மட்டும் கேட்டை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது வழக்கமாக நடக்கும் தவறு. அது தண்ணீரை உறிஞ்சும், அடியில் துரு திரும்பும். பிரைமர் காய்ந்த மறுநாளே எனாமல் ஏற வேண்டும்.

ஒரு மாதம் கழித்து, கண்ணில் படாத மூலையில் பிளேடால் பெருக்கல் குறி கீறி, செல்லோ டேப்பை ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். டேப்போடு வந்த பூச்சின் அடிப்பக்கம் பழுப்பாக இருந்தால் துரு போதுமான அளவு எடுபடவில்லை. பளபளப்பான பழைய எனாமல் தெரிந்தால் எமரி போதவில்லை. எதுவும் வராவிட்டால் கீறலை மட்டும் அடைத்துவிடுங்கள். பெயின்டரிடம் பேசும்போது சுரண்டிக் கழுவும் வேலைக்குத் தனிக் கூலி பேசி, பிரைமர் அடிக்கும் முன் கேட்டை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். அந்த நிலையில் திருத்தாமல் விட்ட குறையை விலை கூடிய எனாமலால் பிறகு ஈடுகட்ட முடியாது.