60 நாள் டோக்கன்

ஒரு துணிக்கடை தன் இன்ஸ்டாகிராம் படங்களை இணையதள முகப்பிலும் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் இரவு 2 மணிக்கு சர்வரில் ஒரு ஸ்கிரிப்ட் ஓடிப் புதுப் படங்களை எடுத்து வைக்கிறது. இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒருநாள் நின்றுபோகிறது. பழைய படங்கள் அப்படியே இருப்பதால் நின்றதே யாருக்கும் தெரிவதில்லை. புதுச் சரக்கை ஏன் போடவில்லை என்று வாடிக்கையாளர் கேட்ட பிறகுதான் லாகைத் திறக்கிறார்கள். அதில் இரவுதோறும் அதே `OAuthException`, `code: 190`. டோக்கன் செல்லாது என்று அர்த்தம்.

ஸ்கிரிப்டிடம் யாரும் கடவுச்சொல்லைக் கொடுத்து வைப்பதில்லை. கடைக்காரர் ஒருமுறை லாகின் செய்து அனுமதி தந்ததும், கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஒரு நீண்ட எழுத்துச்சரம் கிடைக்கிறது. அதுதான் டோக்கன். முதலில் வருவது ஒரு மணி நேரமே செல்லும். அதைக் கொடுத்து மாற்றிக்கொண்டால் 60 நாள் டோக்கன் கிடைக்கும். காலாவதியாகும் முன் அதைப் புதுப்பித்தால் மேலும் 60 நாள். கெடு தாண்டிவிட்டால் புதுப்பிக்க வழியே இல்லை. கடைக்காரர் மறுபடி லாகின் செய்தாக வேண்டும்.

59ஆம் நாள் நினைவூட்டல் வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். அன்றைக்கு அவர் லீவில் இருந்தால்? புதுப்பிப்பதையும் ஸ்கிரிப்டே செய்யட்டும், அதுவும் வாரம் ஒருமுறை:

```
GET https://graph.instagram.com/refresh_access_token?grant_type=ig_refresh_token&access_token=TOKEN
```

டோக்கன் வாங்கி 24 மணி நேரமாவது ஆகியிருந்தால் போதும், புதுப்பிக்கலாம். வாரா வாரம் செய்வதில் லாபம் என்னவென்றால், தொடர்ந்து நான்கு வாரம் தோற்றாலும் கையில் இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் அவகாசம் இருக்கும். பதிலில் புது டோக்கனோடு `expires_in` என்று விநாடிக் கணக்கும் வரும். அதை இன்ன தேதி என்று மாற்றி, டோக்கனோடு சேர்த்துச் சேமிக்க வேண்டும். பழைய கோப்பின் மேலேயே எழுதக்கூடாது. பாதியில் மின்சாரம் போனால் இரண்டும் போய்விடும். தனிக் கோப்பில் எழுதி முடித்து, பிறகு பெயர் மாற்றுவதே சரி. புதுப்பிப்பு தோற்றாலும் அன்றைய படம் எடுக்கும் வேலையை நிறுத்த வேண்டாம், பழைய டோக்கனுக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

இவ்வளவு செய்தும் தப்பாத சந்தர்ப்பம் உண்டு. கடைக்காரர் அனுமதியை ரத்து செய்துவிட்டால், தேதி மிச்சமிருந்தாலும் டோக்கன் செத்ததுதான். ஆகவே எச்சரிக்கை இரண்டு வேண்டும்: கெடுவுக்கு 30 நாளுக்குக் குறைவாக இருந்தால் ஒன்று, கடைசியாக இன்ஸ்டாகிராமிலிருந்து சரியான பதில் வந்து இரண்டு நாள் தாண்டினால் இன்னொன்று. இரண்டாவதுதான் எந்தக் காரணத்தால் நின்றாலும் பிடிக்கும். அந்த மின்னஞ்சல், ஸ்கிரிப்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவருக்கு மட்டும் போனால் பயனில்லை. லாகின் செய்யக்கூடிய கடைக்காரருக்கும், என்னென்ன செய்ய வேண்டும் என்ற விவரத்தோடு, போக வேண்டும்.