கை எவ்வளவு தூக்கும்?

"வலப்பக்க வலுக்குறைவு. தோள் தசை 3/5, மணிக்கட்டு 2/5. வலக்கையில் தசை இறுக்கம். நாலுமுனைத் தடியுடன் நடக்கிறார்." நரம்பியல் மருத்துவரின் குறிப்பு இவ்வளவுதான். மருத்துவருக்கு இது போதும். ஆனால் மாற்றுத்திறனாளி சான்றிதழை வைத்து உதவித்தொகையோ வரிச்சலுகையோ முடிவு செய்யும் அலுவலர் மருத்துவம் படித்தவர் அல்லர். நோயாளியை அவர் நேரில் பார்ப்பதும் பெரும்பாலும் இல்லை.

சான்றிதழ் படிவத்தில் எழுத இடம் கொஞ்சமே. எந்த உறுப்பு, என்ன பாதிப்பு, எத்தனை சதவீதம், நிலைமை மாறக்கூடியதா, மறுமதிப்பீடு தேவையா என்பவை அதில் இருக்கும். அன்றாட வாழ்வில் அந்தப் பாதிப்பு எப்படித் தெரிகிறது என்பது உடன் இணைக்கும் செயல்திறன் குறிப்பில்தான் வரும். பலரும் சொதப்புவது இங்கேதான்.

கற்பனையாக ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். வங்கி எழுத்தர், வயது 46, பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. அந்த எட்டு மாதமும் முக்கியம். பக்கவாதத்துக்குப் பிறகு முதல் சில மாதங்களில் கைகால் ஓரளவு மீண்டு வருவதுண்டு. அதனால் நரம்பியல் பாதிப்புகளைப் பொதுவாக ஆறு மாதம் பொறுத்தே மதிப்பிடுவார்கள். மதிப்பிடுவதும் நோயை அல்ல, நோய் விட்டுப்போன விளைவை. ஸ்கேனில் தெரியும் கட்டியின் அளவைவிட, கை எவ்வளவு தூக்கும் என்பதே கேள்வி.

தசை வலுவை 0 முதல் 5 வரை அளக்கிறார்கள். 3 என்றால் புவியீர்ப்பை எதிர்த்து அசைக்க முடியும், ஆனால் யாராவது லேசாக அழுத்தினாலும் தாங்காது. 2 என்றால் மேசைமேல் வைத்த கையைப் பக்கவாட்டில் நகர்த்தலாம், மேலே தூக்க முடியாது. இதைச் செயலாகப் பெயர்த்தால் குறிப்பு இப்படி வரும்: "வலக்கையைத் தோள்வரை தூக்க முடிகிறது, பொருளோடு தூக்க முடியவில்லை. பொத்தான் போடவும் பேனா பிடிக்கவும் வலக்கை உதவவில்லை. இடக்கையால் உணவு உண்கிறார். தடியுடன் சமதளத்தில் சுமார் 50 மீட்டர் நடக்கிறார். படியேற ஒருவர் துணை தேவை."

இதில் பரிதாபமும் இல்லை, மழுப்பலும் இல்லை. "எதுவுமே செய்ய இயலாதவர்" என்று இரக்கப்பட்டு எழுதுபவர்கள் உண்டு. அது உண்மையும் இல்லை, உதவியும் இல்லை. நாளை அதே மனிதர் மாற்றுத்திறனாளி இடஒதுக்கீட்டில் வேறு பணிக்கு விண்ணப்பித்தால், அந்த ஒரு வரியே குறுக்கே நிற்கும். "சிரமப்பட்டு நடக்கிறார்" என்பதும் ஆகாது. எத்தனை மீட்டர், எந்தத் துணையோடு என்பது அதில் இல்லை. மருத்துவர் கண்ணால் கண்டதும் குடும்பத்தார் சொன்னதும் கலந்துவிடக்கூடாது. "வாரத்தில் இரண்டு முறை தடுமாறி விழுவதாக மனைவி தெரிவிக்கிறார்" என்று யார் சொன்னது என்பதோடு எழுதுவதே முறை. வலது இடது மாறுவது சின்னப் பிழைபோலத் தோன்றும், ஆனால் விண்ணப்பம் திரும்பி வர அது போதும்.

இவருக்குக் கேட்கும் திறனும் குறைவு என்று வைத்துக்கொள்வோம். கைகால் பாதிப்பு 50 சதவீதம், காது 36. கூட்டினால் 86. வருமான வரியில் 80U பிரிவின்கீழ் 40 சதவீதத்துக்கு 75,000 ரூபாயும், 80-ஐ எட்டினால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம் (பழைய வரி முறையில் மட்டும்). குடும்பம் 86-ஐ நம்பி உட்கார்ந்திருக்கும். சான்றிதழில் வருவதோ 66.

காரணம் ஒரு சூத்திரம். பெரிய எண்ணை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். 90-லிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது 40. சிறிய எண்ணான 36-ஐ 40-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 16. ஐம்பதோடு பதினாறு சேர்ந்தால் 66. பல பாதிப்புகளை நேரே கூட்டினால் எண் நூறைத் தாண்டிப்போகும். அதைத் தடுக்கத்தான் இந்தக் கணக்கு. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் மருத்துவமனை வாசலில் பாதிச் சண்டை குறையும்.

இந்த எண்ணை உயர்த்திக்கொடுக்கச் செயல்திறன் குறிப்பால் முடியாது. ஆனால் 66 எங்கிருந்து வந்தது என்பதை அது காட்டும். மதிப்பீடு தவறு என்று தோன்றினால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மேல்முறையீட்டுக்கு வழி தருகிறது. அங்கே கேட்கப்போவதும் அதே விவரங்களைத்தான்: எந்தக் கை, எத்தனை மீட்டர், யார் பார்த்தது.